மூன்றெழுத்துக்கு நான்கு கோடு

உம்மு குல்சூம் தோற்றுப்போனதில் பாதிக் குற்றம் என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கும்; மன்னிப்புக் கேட்கிற வயதையெல்லாம் நான் தாண்டிவிட்டேன் என்று நினைப்பு எனக்கு.

என் பெயர் சாள்ஸ். கண்டக்குழிக்காரன். கற்பிட்டியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் கணினிப் போதனாசிரியராக இருக்கிறேன். அப்பா என்னைச் சிலாபத்தில் சிங்கள மொழிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அதனால் தமிழைப் பேசுவேன், பாடுவேன், சண்டையும் பிடிப்பேன். வாசிக்கும்போது மட்டும் கொஞ்சம் நின்று நின்றுதான் வாசிப்பேன். தமிழ்மொழி மூலக் கணினி வகுப்புக்கு ஆள் கிடைக்காமல் என்னைப் போட்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு பாடம் எடுத்தேன். அந்த நாற்காலியில் உண்மையில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் உம்மு குல்சூம்தான்.

அவர் மன்னாரிலிருந்து வந்தவர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருக்குப் பதின்மூன்று வயது ஆகவில்லை. கற்பிட்டி வீதியோரம் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, பழைய தட்டச்சுப் பொறி ஒன்றில் விரல் பழகி, பிறகு முபாரிஸ் என்பவரின் தொலைத்தொடர்புக் கடையில் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்தார். போட்டோக் கொப்பி, ரீலோட், தட்டச்சு எல்லாம் ஒன்றாக நடக்கிற கடை. இருபது வருடம் அங்கே மற்றவர்களுடைய மனுக்களைத் தட்டினார். காணி கேட்டு மனு, கிணறு கேட்டு மனு, வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையென்று மனு. அவர் தட்டாத அலுவலகம் இந்த மாவட்டத்தில் இல்லை. ஒரு அலுவலகத்துக்குள்ளும் கதிரை போட்டு அவரை உட்காரவைத்ததும் இல்லை.

கணவர் உசனார் குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களில் வேலை செய்தார். அக்கீலா என்று பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரே மகள். அந்த மகள்தான் எங்கள் நிலையத்தின் அறிவித்தலைப் படம் பிடித்துக்கொண்டுபோய் உம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள். தமிழ்மொழி மூல உதவிப் போதனாசிரியர், நிரந்தரப் பதவி. கணினிச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்ப முடிவு இரண்டாயிரத்துப் பதினேழு டிசம்பர் பதினைந்து. அன்றைக்கு நாற்பது வயதை எட்டியிருக்கக் கூடாது.

உம்மு குல்சூமுக்கு நாற்பது ஆவது டிசம்பர் பதினேழு.

"ரெண்டு நாள் இருக்கு சேர்," என்று சேர வந்த அன்றைக்கே சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னார். "என்னட வாழ்க்கையில எனக்குச் சாதகமா வந்த முதலாவது கணக்கு."

ஆறு மாதப் பயிற்சி. நவம்பர் கடைசியில் செய்முறைப் பரீட்சை. அதில் சித்தியடைந்தால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் விண்ணப்பம். தவறினால் அடுத்த பரீட்சை அடுத்த ஜூனில். அது அவருக்கு இல்லை. வகுப்பில் இருந்த பதினான்கு பேரில் இந்த ஒருவருக்கு மட்டும் இரண்டாம் முறை என்பதே கிடையாது. இதை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

செய்முறைக்குப் பட்டியலில் மூன்று வேலைத்திட்டங்கள் இருந்தன. அவர் தூக்குமர விளையாட்டை எடுத்தார். எல்லோருக்கும் தெரிந்ததுதான். கணினி ஒரு சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளும். எத்தனை எழுத்தோ அத்தனை கோடு திரையில் வரும். விளையாடுகிறவர் ஒவ்வோர் எழுத்தாக ஊகிக்க வேண்டும். சரியென்றால் அந்தக் கோட்டில் எழுத்துத் திறக்கும். பிழையென்றால் தூக்குமரத்தில் ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக வருவான்: தலை, உடம்பு, இரண்டு கை, இரண்டு கால். ஆறு பிழையோடு ஆள் முடிந்தான்.

"மனிசன் வேணாம் சேர், மீனைக் கீறட்டுமா?" என்று கேட்டார்.

"மீனுக்குக் கையுமில்ல காலுமில்ல அக்கா. ஆறு துண்டுக்கு எங்க போவீங்க? புள்ளி போடுற தாள்ல மனிசன்தான் இருக்கு," என்றேன்.

வேலைத்திட்டத்துக்கு மூன்று சாமான் போதும். சொற்பட்டியல் ஒன்று, அதிலிருந்து கணினி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கும். ஊகித்த எழுத்துகளைப் போட்டுவைக்கிற ஒரு தொகுதி. ஒரே எழுத்தை இரண்டு தரம் போட்டாலும் அதற்குள் ஒன்றுதான் இருக்கும். மூன்றாவது, மறைத்த சொல்லைக் காட்டுகிற பகுதி: சொல்லின் ஒவ்வோர் எழுத்தையும் எடுத்து, அது தொகுதிக்குள் இருந்தால் எழுத்தைக் காட்டு, இல்லாவிட்டால் கோட்டைக் காட்டு. பைதனில் இதெல்லாம் சேர்ந்து அறுபது வரியைத் தாண்டாது.

மற்றப் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களைப் போட்டார்கள். ஆப்பிளும் மாங்கோவும். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது. நஃபீஸா என்று இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, கெட்டிக்காரி, இருபது பழங்களின் பெயரோடு எழும்பிப் போய்விட்டாள். உம்மு குல்சூமிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, நீங்க தமிழில செய்யுங்க. தமிழ் வாத்தியார் வேலைக்குத்தானே போறீங்க. மதிப்பீட்டாளர் பாத்தா மதிப்பார்." பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு.

முதல் நாள் 'அம்மா' என்ற சொல்லைப் போட்டுப் பார்த்தார். மூன்றெழுத்துக்கு ஐந்து கோடு வந்தது. எனக்கு விளங்கியது, கணினிக்குத் தமிழில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து தனித்தனிக் குறிகள். புள்ளிக்கு ஒரு கோடு, காலுக்கு ஒரு கோடு. எப்படி விளங்கப்படுத்தலாம் என்று நான் சிங்களத்தில் யோசித்துத் தமிழில் சொல் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"இது டைப்ரைட்டர் கதைதான் சேர். புள்ளி விசையத் தட்டினா கடதாசி வச்ச வண்டில் நகராது. எழுத்துத் தட்டினாத்தான் நகரும். நகராததும், காலு மாதிரித் தனிய நிக்க ஏலாததும் முன்னுக்கு நிக்கிற எழுத்தோட சேந்தது."

அன்று பின்னேரமே அதை எழுதிவிட்டார். குறியைப் பார், அது எழுத்தென்றால் புதிதாகத் தொடங்கு, ஒட்டுக்குறியென்றால் முன்னால் நிற்கிற எழுத்தோடு ஒட்டு. ஏழு வரி. 'அம்மா' மூன்று கோடாக வந்து நின்றது. விளையாடுகிறவர் தட்டுவதையும் அதே ஏழு வரிக்குள் விட்டுப் பிரித்து, தொகுதிக்குள் போட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது, உண்மையாகச் சொல்கிறேன். பன்னிரண்டு வருடம் படிப்பித்ததில் நான் சொல்லாமல் ஒருவர் தானாகக் கண்டுபிடித்தது அதுதான். அந்தக் கதிரை இவருடையது என்று அன்றைக்கே தீர்மானித்தேன். தீர்மானிக்கிற அதிகாரம் எனக்கு இல்லை என்பது வேறு கதை.

மிச்சம் சொற்பட்டியல். எங்கள் கணினிகளில் உச்சரிப்பு முறை விசைப்பலகை இருந்தது. ஆங்கிலத்தில் தட்டினால் தமிழ் வரும். அவருடைய விரல்கள் இருபது வருடமாகப் பாமினி எழுத்துருவில் ஓடிப் பழகியவை. எங்கள் விசைப்பலகையில் ஒரு சொல்லுக்கு அரை நிமிடம் எடுத்தார். எனக்குப் பொறுமை கிடையாது.

"அக்கா, ஏன் கஷ்டப்படுறீங்க? கடையில பாமினில அடிச்சுக்கொண்டு வாங்க. மாத்துற மென்பொருள் இருக்கு, ஒரு சொடுக்கில யூனிகோட் ஆகிடும்."

சொன்னது நான்தான்.

மறுநாள் தொண்ணூற்றாறு சொற்களோடு வந்தார். பட்டியலைப் பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரியே இல்லை. கிணறு, உறுதி, காணி, அகதி, நிரந்தரம், வெள்ளம், பௌசர், கௌரவம், வெளியேற்றம், கூப்பன், ஓலை. இருபது வருட மனுக்களிலிருந்து உருவி எடுத்த மாதிரி இருந்தது. நான் பகிடியாக, "இதை அப்படியே பிரதேச செயலாளருக்கு அனுப்பலாமே," என்றேன். அவர், "அனுப்பினதுதான் சேர், பதில்தான் வரல்ல," என்றார்.

மாற்றும் மென்பொருளில் போட்டோம். ஒரு சொடுக்கு. எல்லாம் அழகாக வந்தது. நான் மேலிருந்து கீழே ஒருமுறை கண்ணை ஓட்டினேன். வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த இரண்டு கிழமையும் அவர் அந்த விளையாட்டைப் பத்துத் தரம், இருபது தரம் ஓட்டிப் பார்த்தார். தன் வசதிக்குப் பாமினி முறையிலேயே தட்டுகிற ஒரு விசைப்பலகையைப் போட்டுக்கொண்டார். ஒரு பிழை வரவில்லை. வராது. பட்டியலைத் தட்டியதும் அந்த விரல்கள், ஊகத்தைத் தட்டியதும் அந்த விரல்கள். இரண்டு பக்கமும் ஒரே கை என்றால் எந்தப் பூட்டும் திறக்கும்.

நவம்பர் இருபத்தெட்டாம் திகதி காலை மதிப்பீட்டாளர் வந்தார். பாறூக் என்று பெயர். புத்தளத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், மெதுவாகப் பேசுகிற மனிதர். அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பரீட்சை நேரத்தில் போதனாசிரியர் வாய் திறக்கக் கூடாது. நான் அலுமாரிப் பக்கம் சாய்ந்து நின்றேன். உம்மு குல்சூம் புது அபாயா உடுத்தி வந்திருந்தார். சட்டதிட்டப்படி, செய்தவர் தானே விளையாடிக் காட்ட முடியாது. இன்னொருவர் விளையாட வேண்டும். பாறூக் சேர் சுற்றிப் பார்த்து, ஏற்கெனவே தன் பழங்களோடு சித்தியடைந்து சும்மா இருந்த நஃபீஸாவைக் கூப்பிட்டார். அவள் எங்கள் உச்சரிப்பு விசைப்பலகையைத் தெரிவுசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

திரையில் நான்கு கோடு வந்தது.

நஃபீஸா 'ம்' கேட்டாள். பிழை, தலை வந்தது. 'ர்' கேட்டாள். கடைசிக் கோட்டில் திறந்தது. 'க' பிழை, உடம்பு வந்தது. 'ச' சரி.

_ _ ச ர்

"பிரசர்!" என்றாள் நஃபீஸா. அவளுடைய உம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருந்தது. 'பி' தட்டினாள். பிழை. ஒரு கை வந்தது. "பௌசர் எண்டாத்தான் சரிவரும். ஆனா அது மூணு எழுத்தில்லையா ராத்தா?" என்று, மூத்த சகோதரியைக் கேட்பதுபோல் பின்னால் திரும்பிக் கேட்டாள்.

உம்மு குல்சூம் பதில் சொல்லக் கூடாது. சொல்லவில்லை. ஆனால் அவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன். பௌ, ச, ர் என்று விரலில் எண்ணிக்கொண்டிருந்தார்.

நஃபீஸா துணிந்து 'பௌ' தட்டினாள். மற்றக் கையும் வந்தது. பிழையாம். அதற்குப் பிறகு அவள் வாயில் வந்ததைத் தட்டினாள், இரண்டு காலும் வந்தன. ஆள் தொங்கினான். கீழே விடை வந்தது: பெளசர்.

விடையில் பிழை இருப்பதாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. நஃபீஸாவுக்கும் தெரியவில்லை. பௌசர் பௌசர்தானே. கோடையில் இந்தப் பக்கத்துக் குடியேற்றங்களுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற லொறி. அந்தச் சொல்லைத் தெரியாத குழந்தை இங்கே கிடையாது.

பாறூக் சேர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொற்பட்டியலைத் திறந்தார். அந்தச் சொல்லுக்கு முன்னால் சுட்டியை வைத்து அம்புக்குறி விசையை ஒருமுறை தட்டினார். சுட்டி 'பௌ'வைத் தாண்டவில்லை. அதன் நடுவில் போய் நின்றது.

"மகள், இது ஒரு எழுத்தில்ல," என்றார் மெதுவாக. "பெ ஒண்டு, ள ஒண்டு. கொம்பு போட்டு ப போட்டு, பக்கத்தில ள எழுத்தை வச்சிருக்கு. ஔகாரத்துக்குக் கணினியில தனிக்குறி ஒண்டு இருக்கு. பாக்க ரெண்டும் ஒண்டுதான். கணினிக்கு ரெண்டு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாமினியில் ஔகாரத்துக்கென்று தனி விசை இல்லை. கொம்பு, எழுத்து, ள. தட்டச்சுப் பொறியிலும் அப்படித்தான். மாற்றும் மென்பொருளுக்கு அந்த ள வெறும் ள. இருபது வருடமாக 'கௌரவ அமைச்சர் அவர்கட்கு' என்று ஆயிரம் மனுவில் அவர் ளகரத்தைத்தான் தட்டியிருக்கிறார். கடதாசியில் அது பிழையே இல்லை. கண் இருக்கிறவர்களுக்கு அது பௌ. அந்தக் கடதாசிகளுக்குப் பதில் போடாத அலுவலகங்கள்கூட அந்தக் குறையைச் சொன்னதில்லை.

"திருத்த ஒரு சந்தர்ப்பம் இருக்கு," என்றார் பாறூக் சேர். "பதினைஞ்சு நிமிசம். அதுக்குப் பிறகு மூண்டு தரம் ஓட்டுவம். மூண்டும் சரியா வரணும்."

உம்மு குல்சூம் உட்கார்ந்தார். நிரலில் கை வைக்கவும் தேவையில்லை, பட்டியலில்தான் பிழை. பட்டியலைக் கீழே உருட்டி, பௌசரைப் பார்த்தார், கௌரவத்தைப் பார்த்தார், மௌலவியைப் பார்த்தார். மூன்று சொல்தான். ஒவ்வொன்றாய்த் திருத்தியிருக்கலாம், மூன்று நிமிடம் போதும். ஆனால் அந்த மூன்றோடு முடிந்தது என்று எப்படி நம்புவது? பார்க்க ஒன்றுபோல் இருக்கிற இரண்டில் அவர் கண் இன்றைக்குத்தான் முதல்முறை அவரைக் கைவிட்டிருந்தது.

கடையில் இதற்கு ஒரு வழி இருந்தது. நாற்பது குடும்பத்துக்கு ஒரே மனு. ஒன்றைத் தட்டிவிட்டு, பெயரைத் தேடி எல்லா இடத்திலும் ஒரே தட்டில் மாற்றுவார். அதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. இப்போதும் அதைத்தான் செய்தார். கொம்பும் ளகரமும் பக்கத்தில் நிற்கிற இடத்தையெல்லாம் தேடு, அங்கே ஔகாரக் குறியைப் போடு. அனைத்தையும் மாற்று. சேமி. எல்லாமாகப் பத்து விநாடி.

நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அலுமாரிப் பக்கம் நின்று மனத்துக்குள் சபாஷ் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கம்தான்.

திரையின் கீழ் மூலையில் சின்னதாக ஒரு வரி வந்தது: பதினொரு இடங்களில் மாற்றப்பட்டது.

அவர் முகம் அப்போதுதான் மாறியது. எனக்கு உடனே விளங்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. ஔகாரம் மூன்றுதான். மிச்சம் எட்டு எங்கே இருந்து வந்தது? வெள்ளம், வெள்ளி, வெள்ளரி, வெளிச்சம், வெளிநாடு, வெளியேற்றம், தெளிவு, வெள்ளாமை. அங்கேயும் கொம்பு இருக்கிறது, பக்கத்தில் ள இருக்கிறது. அங்கே அது உண்மையான ள. எட்டுச் சொல்லும் கெட்டுப்போயிற்று.

அவர் செய்த மாற்றத்தைத் திரும்ப எடுக்கிற விசையைத் தேடிக் கையைக் கொண்டுபோனார்.

"நேரம் முடிஞ்சுது மகள். கைய எடுங்க."

பதினைந்து நிமிடத்தில் கடைசி அரை நிமிடம் போக மிச்சத்தையெல்லாம் அவர் உருட்டி உருட்டிப் பார்ப்பதிலேயே கழித்திருந்தார். நானும் கவனிக்கவில்லை. கவனித்தாலும் சொல்ல முடியாது.

"சேர், எட்டுச் சொல்லு..." என்றார்.

"நானும் கண்டேன். சட்டம் சட்டம்தான்," என்றார் பாறூக் சேர். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. "தொண்ணூத்தாறில எட்டு. வராமப் போகலாம். துஆச் செய்யுங்க."

முதல் ஓட்டம் 'கிணறு'. நஃபீஸா நான்கே ஊகத்தில் திறந்தாள். இரண்டாவது 'நிரந்தரம்'. ஒரு 'ர' கேட்டதற்கு இரண்டு இடத்தில் திறந்தது. பாறூக் சேர் தாளில் ஒரு சரி போட்டார். உம்மு குல்சூம் திரையைப் பார்க்கவில்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாதாவைக் கூப்பிட்டேன். அவருடைய அல்லாஹ்வையும் என் மாதாவையும் ஒரே நேரத்தில் ஒரு விளையாட்டுக்காகத் தொந்தரவு செய்திருக்கிறோம்.

மூன்றாவது ஓட்டம். மூன்று கோடு.

'ம்' கேட்டாள், கடைசியில் திறந்தது. 'ள' கேட்டாள், அதுவும் திறந்தது.

_ ள ம்

நஃபீஸாவின் முகம் மலர்ந்தது. "குளம்!" என்றாள். 'கு' பிழை. "வளம்." 'வ' பிழை. "களம்." பிழை. "தளம்." பிழை. ராத்தாவைத் தான் கொன்றுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழுகிற குரலில் "நீளம்," என்றாள், பிறகு "தாளம்," என்றாள். ஆறு பிழை.

கீழே வந்த விடையை இந்த முறை நானும் வாசித்தேன். வெள்ளம் இல்லை. வ மேல் ஔகாரம் ஏறி, அதன் மேல் ஒரு புள்ளி குந்திக்கொண்டு, பக்கத்தில் ளம் என்று நின்றது. எந்த மொழியிலும் இல்லாத சொல்.

பாறூக் சேர் நிரலைத் திறந்து பார்த்தார். "எழுத்துப் பிரிக்கிற பகுதி ரொம்ப நல்லம்," என்றார். "இத நீங்களே எழுதினதா?"

"ஓம் சேர்."

"நல்லம்," என்றார் மறுபடியும். அதன் பிறகு தாளில் கையெழுத்து வைத்தார். எங்கள் முறையில் 'சித்தியில்லை' என்று எழுதுவதில்லை, மனம் நோகக்கூடாதாம். 'இன்னும் தகைமை பெறவில்லை' என்று அச்சடித்த பெட்டிக்குள் அடையாளம் போடுவார்கள்.

நான் மேலிடத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன், சிங்களத்தில், நன்றாகவே எழுதினேன். பிழை மாணவியுடையதல்ல, போதனாசிரியரின் ஆலோசனை என்று பச்சையாக எழுதினேன். ஒன்றுக்குப் பதில் இல்லை. மற்றதுக்கு, அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. டிசம்பர் பதினைந்து போயிற்று. பதினேழும் போயிற்று. பதவி நஃபீஸாவுக்குக் கிடைத்தது. அவள் நல்ல பிள்ளை. முதல் நாளே என்னிடம் வந்து, தமிழில் எழுத்துப் பிரிக்கிற அந்த ஏழு வரியை வகுப்பில் காட்டலாமா என்று கேட்டாள். காட்டு என்றேன். இன்றைக்கும் அதைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரியில் ஒரு நாள், பள்ளிவாசல் பக்கம் போன நான், முபாரிஸின் கடைக்குள் நுழைந்தேன். தொண்ணூற்றாறு சொல்லையும் ஒவ்வொன்றாய் எழுத்துக்கூட்டி வாசித்துத் திருத்தி, விளையாட்டோடு சேர்த்து ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். அதைக் கொடுத்தால் என் மனம் ஆறும் என்று நினைத்தேன். சுயநலம்தான்.

உம்மு குல்சூம் அதே மேசையில் இருந்தார். பென் டிரைவை வாங்கிப் போட்டு, ஓட்டி, உட்கார்ந்தபடியே ஒரு சொல்லைத் திறந்தார்.

"சரியா ஓடுது சேர்," என்றார். கழற்றி என் கையிலேயே திருப்பித் தந்தார். "இங்க வச்சு நான் என்ன செய்ய?"

"அக்கா, பிழை என்னுடையது. நான் அண்டைக்கு மாத்துற மென்பொருளைச் சொல்லாம இருந்திருந்தா..."

"விடுங்க சேர். நீங்க வாசிக்கல்ல, நான் வாசிச்சேன். வாசிச்சும் தெரியல்ல."

போட்டோக் கொப்பிக்கு ஒருவர் வந்து நின்றார். நான் போகத் திரும்பினேன். அவர் கூப்பிட்டார்.

"சேர், ஒரு உதவி. எனக்குத் தந்த தாளில 'இன்னும்' எண்டு ஒரு சொல்லு இருக்கே. அதை எடுத்துட்டு வேற தாள் ஒண்டு தரச் சொல்ல ஏலுமா?"

எனக்கு விளங்கவில்லை.

"அக்கீலா அதை அலுமாரிக் கதவில ஒட்டி வச்சிருக்கிறா. 'இன்னும் எண்டுதானே போட்டிருக்கு உம்மா, அப்ப ஜூன்ல எழுதலாம்' எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறா. வயசுக் கதையச் சொன்னேன், நம்புறாளில்ல. தாளிலயே இருக்கு எண்டு சொல்றா. அந்தச் சொல்லு இல்லாம ஒரு தாள் இருந்தா, அவளுக்குக் காட்டிப்போடுவேன். முடிஞ்சிடும்."

"அது அச்சடிச்ச படிவம் அக்கா. எல்லாருக்கும் அதுதான். மாத்த ஏலாது."

"ஓம்," என்றார். தலையை ஆட்டிவிட்டு, நின்றவரின் கையிலிருந்த கடதாசியை வாங்கிக்கொண்டு, "எத்தின கொப்பி?" என்று கேட்டார்.